படகு ஏன் புறப்படவில்லை

ஓர் ஊரின் சுற்றுலாவுக்கான மூன்று நிமிட வீடியோவுக்கு நான் எழுதியிருந்த ஸ்கிரிப்ட்டை எங்கள் எடிட்டர் ஒரு முறை நிதானமாகப் படித்தார். அப்புறம் பேனாவை எடுத்து, அதில் நான்கு இடங்களில் வந்த ஊர்ப் பெயரை அடித்துவிட்டு, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னோர் ஊரின் பெயரை மேலே எழுதினார். "இப்பப் படிச்சுப் பாருங்க" என்று காகிதத்தை என்னிடம் நீட்டினார். படித்தேன். ஒரு வாக்கியம்கூடப் பொய்யாகவில்லை. ஆறு, பழைய கோட்டைச் சுவர், அருவி, அருங்காட்சியகம், இயற்கை எழில், காலத்தை வென்று நிற்கும் கட்டடங்கள் எல்லாம் அந்த ஊருக்கும் அப்படியே பொருந்தின. மூன்று வாரம் செலவழித்து எழுதியது, எந்த ஊருக்கும் ஒட்டக்கூடிய ஒரு சீட்டாக இருந்தது. பல மாதங்கள் கழித்தும் அந்தக் காகிதத்தை நான் தூக்கிப் போடவில்லை. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் ஒழுங்காக எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

சின்ன ஊர் அது. ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊரின் சுற்றுலாக் குழு எங்களிடம் கொடுத்தது பதினொரு இடங்களின் பட்டியல். எதையும் விட்டுவிடக் கூடாது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒவ்வோர் இடத்துக்கும் பின்னால் அதைப் பராமரிக்க உழைத்த ஒருவர் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 விநாடியில் தொடக்கத்துக்கும் முடிவுக்குமாக 26 விநாடி போனால் மீதி 154. அதைப் பதினொன்றால் வகுத்தால் ஓர் இடத்துக்கு 14 விநாடி. பதினான்கு விநாடியில் மூன்று ஷாட் வைக்கலாம்: தூரத்திலிருந்து ஒன்று, நெருக்கத்தில் ஒன்று, யாரோ ஒருவர் அண்ணாந்து பார்ப்பதுபோல் ஒன்று. மேலே ஒரு வாக்கியம் ஓடும். அந்த வாக்கியத்தில் இடத்தின் பெயரும் ஒரு அடைமொழியும் வைப்பதற்குத்தான் இடமிருக்கும். அதாவது, அடைமொழிகளை நான் சோம்பேறித்தனத்தால் எழுதவில்லை. பதினான்கு விநாடிக்குள் வேறு எதுவும் நுழையாது. பட்டியல் என்று முடிவு செய்த அன்றைக்கே நடையும் முடிவாகிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டியல் போட்டால் ஒப்பிடுவார்கள். அருவியைக் காட்டினால், பார்ப்பவர் தான் பார்த்த மிகப் பெரிய அருவியை மனதில் அதன் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார். சின்ன ஊரின் அருவி அந்தப் போட்டியில் ஜெயிக்காது. அதோடு, முழுதாகக் காட்டிவிட்ட ஒன்றைப் போய்ப் பார்க்க அவருக்குக் காரணமும் இருக்காது. அந்த முதல் வடிவத்தை ஸ்டில் படங்களோடு கோத்து நண்பர்கள் சிலருக்குப் போட்டுக் காட்டினேன். "நல்லா இருக்கு, ஊரையே சுத்திப் பார்த்த மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது உறுத்தியது. சுற்றிப் பார்த்தாகிவிட்டது என்றால் இனி அவர் எதற்குப் போவார்?

இரண்டாவது தப்பு

சரி, இடங்கள் வேண்டாம், மனிதர்களின் அன்றாடத்தைக் காட்டுவோம் என்று முடிவு செய்தோம். இந்த முடிவுக்கு வருகிற எல்லோரும் அடுத்து செய்கிற தப்பை நானும் செய்தேன். விடியலில் தொடங்கி இரவில் முடிகிற ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். பனி மூடிய ஆறு, ஜன்னல் திறக்கும் கை, சைக்கிளில் போகும் பையன், பள்ளி மணி, மதிய வெயிலில் தூங்கும் நாய், சாயங்காலம் விளையாடும் குழந்தைகள், விளக்குகள். எடிட்டர் இந்த முறை பெயரை மாற்றவேகூட இல்லை, என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். நாய்க்கும் சைக்கிளுக்கும் ஊர் கிடையாது. இடங்களின் பட்டியலுக்குப் பதிலாக நேரங்களின் பட்டியல் ஒன்றை எழுதியிருந்தேன்.

ஒரு நாளையே கட்டமைப்பாக வைப்பது சினிமாவில் பழைய உத்தி. வால்ட்டர் ருட்மன் 1927-இல் பெர்லின் நகரத்தை அப்படித்தான் படமாக்கினார், விடியற்காலையில் தொடங்கி இரவு வரை, ஐந்து பகுதிகளாக. அங்கே அது ஏன் நிற்கிறது என்று யோசித்தேன். பெருநகரத்தில் ரயிலும் ஆலையும் கூட்டமும் தாங்களாகவே வேகம் எடுத்து, பிறகு அடங்குகின்றன. அந்த ஏற்ற இறக்கம் படத்தை இழுத்துக்கொண்டு போகிறது, அதற்கு ஒரு மணி நேரமும் இருக்கிறது. சின்ன ஊரில் காலை ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்று நிமிடத்தில் கடிகாரம் மட்டும் நகர்கிறது, வேறெதுவும் நகர்வதில்லை. பார்ப்பவருக்கு அடுத்து என்ன வரும் என்பது முதல் ஷாட்டிலேயே தெரிந்துவிடுகிறது. விடிந்தால் மாலை வரத்தானே செய்யும்?

எனக்கு அப்போது புரியாத விஷயம் ஒன்று இருந்தது. அன்றாடத்தைக் காட்டுவது என்றால் சாதாரணமான பொருள்களைக் காட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உலையில் இரும்பு அடிப்பவரின் கை, பழைய கதவு, சுருக்கம் விழுந்த முகம். அவையெல்லாம் காட்சிப் பொருள்கள்தான், கோட்டைச் சுவரைப் போலவே. கோட்டைச் சுவர் இருந்த இடத்தில் பாட்டியின் முகத்தை வைத்திருந்தேன், அவ்வளவே.

காமிரா இல்லாத ஐந்து நாள்

அதனால் காமிராவை விட்டுவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு ஐந்து நாள் அந்த ஊரில் தங்கினேன். எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரம், ஒரு சத்தம், ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும். அடைமொழி கூடாது. "பழமையான படித்துறை" என்று எழுதினால் அந்த வரி செல்லாது. "6:35, ஈரக் கல்லில் செருப்புச் சத்தம், ஒருவர் கயிற்றை அவிழ்க்கிறார்" என்று எழுதினால் செல்லும். முதல் இரண்டு நாள் கை தானாக அடைமொழிக்கே போயிற்று. பழக்கம் அவ்வளவு ஆழம். மூன்றாம் நாளிலிருந்து வினைச்சொற்கள் வர ஆரம்பித்தன. வந்த பிறகுதான், ஒரு செயலின் நடுவில் ஒருவர் நிற்கும்போது அடுத்து என்ன நடக்கும் என்று நானே எதிர்பார்க்கிறேன் என்பதைக் கவனித்தேன்.

அந்த ஊரில் பாலம் ஆறு கிலோமீட்டர் கீழே இருக்கிறது. அக்கரைக்குப் போகிறவர்கள் படகில்தான் போகிறார்கள். காலையில் முதல் படகு 6:40-க்கு. கடக்க ஒன்பது நிமிடம். அக்கரையில் ஏழு மணிக்கு ஒரு பஸ். அதைப் பிடித்தால்தான் பெரிய பள்ளிக்கும், பக்கத்து நகரத்து வேலைக்கும் நேரத்துக்குப் போக முடியும். விட்டால் அடுத்த பஸ் எட்டு மணிக்கு. அடுத்த படகு நாற்பது நிமிடம் கழித்து. சுற்றுலாக் குழுவின் பட்டியலில் இந்தப் படகே இல்லை. அது போக்குவரத்து, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். முதல் இரண்டு நாள் நானும் அதில் ஏறி இறங்கியதோடு சரி.

மூன்றாம் நாள் காலை 6:40 ஆனது. இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார். துடுப்பை எடுக்கவில்லை. நின்றுகொண்டே படிக்கட்டின் மேல் முனையைப் பார்த்தார். படகில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இரவு வேலை முடித்துத் திரும்பும் நர்ஸ் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் வாய் திறக்கவில்லை. தண்ணீர் படகின் பக்கத்தில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் "ஏன் கிளம்பல?" என்று கேட்டேன். அவர் தாடையால் படிக்கட்டைக் காட்டினார். அங்கே யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஓடி வரும் கால்களின் சத்தம் கேட்டது. ஆள் தெரிவதற்கு முன்னால் சத்தம்தான் வந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண், பையைத் தோளில் மாட்டி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு படிகளில் இறங்கி வந்தாள். ஒரு அம்மா ஒதுங்கி இடம் விட்டார். அவள் உட்காருவதற்குள்ளேயே படகு நகர்ந்துவிட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை, அவளும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. குனிந்து ஷூவைப் போட்டுக்கொண்டாள். மொத்தமும் ஒன்றரை நிமிடம்.

அக்கரையில் எல்லோரும் இறங்கிய பிறகு படகுக்காரரிடம் கேட்டேன். "எவ்வளவு நேரம் நிப்பீங்கண்ணே?"

"மூணு நிமிஷம். அதுக்கு மேல நின்னா இவங்க எல்லாருக்கும் பஸ் போயிடும். மூணு நிமிஷத்துல வரலேன்னா அன்னிக்கு வரலேன்னு அர்த்தம்."

"அந்தப் பொண்ணுக்காக மட்டுமா?"

"யார் வரலேன்னாலும்தான். தினமும் யாராவது ஒருத்தர் லேட்டு."

நான் தேடிக்கொண்டிருந்தது அந்த மூன்று நிமிடம்தான். அதில் ஒரு கேள்வி இருந்தது: அவள் வருவாளா? ஒரு விலை இருந்தது: வராவிட்டால் இருபது பேரின் பஸ். ஒரு எல்லை இருந்தது: மூன்று நிமிடம். எல்லாவற்றுக்கும் மேல், அதை வேறு ஊரின் பெயர் போட்டு எழுத முடியாது. பாலம் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதும், பஸ் ஏழு மணிக்குப் போவதும், இருபது பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருப்பதும் சேர்ந்தால்தான் அந்தக் காத்திருப்பு நடக்கும். ஊர் முழுவதும் அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் இருந்தது. அன்றாடம் என்பது ஊரின் பொருள்களில் இல்லை, மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் ஏற்பாடுகளில் இருக்கிறது என்று அன்றைக்கு நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். மூன்றாம் நாளிலிருந்து நான் எழுதியதிலேயே நேரமும் சத்தமும் இல்லாத ஒரே வரி அதுதான்.

காகிதத்தில் காத்திருப்பது எப்படி

பார்த்தபோது நெஞ்சைத் தொட்டது, எழுதும்போது வழுக்கிக்கொண்டு போனது. ஒன்றரை நிமிடத்தை அப்படியே வைத்தால் வீடியோவில் பாதி போய்விடும். ஐந்து விநாடிக்குச் சுருக்கினால் அது காத்திருப்பாகவே இருக்காது. பல முறை மாற்றி எழுதிக் கடைசியில் நாற்பது விநாடி என்று நிறுத்தினேன். அந்த நாற்பதுக்குள் வெறும் படிக்கட்டு மூன்று முறை வருகிறது. முதல் முறை இரண்டு விநாடி, அடுத்து மூன்று, கடைசியில் ஆறு. இரண்டாவது முறையே பார்ப்பவர் கேட்கத் தொடங்கிவிடுகிறார்: எதற்கு இந்தக் காலிப் படிக்கட்டை மறுபடியும் காட்டுகிறார்கள்? மூன்றாவது முறை அவரும் படகில் உட்கார்ந்திருப்பவர்களோடு சேர்ந்து காத்திருக்கிறார். ஸ்கிரிப்ட்டில் அந்தப் பகுதி இப்படி இருந்தது:

படம்: அவிழ்த்த கயிறு படகுக்காரரின் கையில். துடுப்பு கிடக்கிறது.
ஒலி: தண்ணீர் பலகையில் அடிக்கிறது. பேச்சு இல்லை.

படம்: காலிப் படிக்கட்டு, மூன்றாம் முறை. ஆறு விநாடி.
ஒலி: நான்காம் விநாடியில் ஓடும் காலடிகள், தூரத்திலிருந்து.

படம்: உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் நகர்ந்து இடம் விடுகிறார்.
ஒலி: காலடிகள் நெருங்குகின்றன.

வருகிறவர் திரையில் தெரிவதற்கு முன் அவருக்கான இடம் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காக இந்த வரிசை. எடிட்டிங் மேஜையில் ஒலியை முன்னால் இழுப்பது எளிது என்பதால், பலர் இதையெல்லாம் ஸ்கிரிப்ட்டில் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் படமெடுக்கும் இடத்தில் அந்தக் காலடிச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்ய யாருக்கும் தோன்றாது. பிறகு இசையை வைத்து மூடுவார்கள். படத்துக்கும் ஒலிக்குமான இரண்டு பத்தியும் பக்கம் பக்கமாக இருந்து, ஒலிப் பத்தியை மட்டும் தனியாகப் படித்தாலும் ஊர் கேட்க வேண்டும். எனக்கு இதுதான் சோதனை.

பின்னணிக் குரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வடிவத்தில் 260 சொற்கள் இருந்தன. தமிழில் நிதானமாகப் படித்தால் என் குரலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய தொண்ணூறு சொல் வரும், ஆகவே மூன்று நிமிடமும் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். கடைசி வடிவத்தில் 58 சொற்கள். படத்தில் தெரியாததை மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டால் சொற்கள் தானாக உதிர்ந்துவிடும். படகு நிற்பது தெரிகிறது, அதைச் சொல்ல வேண்டாம். அக்கரையில் ஏழு மணிக்குப் பஸ் என்பது தெரியாது, சொல்லியாக வேண்டும். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் காத்திருப்புக்கு விலையே கிடையாது.

பதினோரு இடங்கள் என்ன ஆயின

சுற்றுலாக் குழுவிடம் இதை எடுத்துக்கொண்டு போனபோது எதிர்பார்த்த கேள்விதான் வந்தது: கோட்டை எங்கே? நான் பதினோரு இடங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எங்கே போயிற்று என்று காட்டினேன். ஆறு இடங்கள் பின்னணியாக வந்திருந்தன. படகுக்காரர் பார்க்கும் படிக்கட்டுக்கு மேலே நிற்பதே கோட்டைச் சுவர்தான், நாற்பது விநாடியில் பாதி நேரம் அது திரையில் இருக்கிறது. முன்பு அதற்குக் கிடைத்தது பதினான்கு விநாடி. அருங்காட்சியகத்தின் ஜன்னல்களை அதன் காவலர் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போவதை வெளியே தெருவிலிருந்து பார்க்கிறோம், உள்ளே போகவில்லை. மூன்று இடங்கள் வீடியோவுக்குக் கீழே எழுத்தில், வரைபடத்தோடு. தூரம், வழி, திறக்கும் நேரம் இவற்றையெல்லாம் காதால் கேட்டு யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, எழுத்தில் இருந்தால் திரும்பிப் பார்க்கலாம். மீதி இரண்டை விட்டுவிட்டேன். ஒன்று அருவி. ஊரிலிருந்து தூரத்தில் இருக்கிறது, ஊர்க்காரர்கள் யாரும் அங்கே அன்றாடம் போவதில்லை. அதை உள்ளே கொண்டுவர நான் ஒரு பொய்யான செயலை உண்டாக்க வேண்டியிருந்திருக்கும். அருவிக்காக வாதாடியவர் வருத்தப்பட்டார். அவரிடம் நான் சொன்னது: அருவிக்குத் தனியாக ஒரு வீடியோ எடுப்போம், அதில் அருவி மட்டுமே இருக்கட்டும். அது எடுபடும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

படமெடுக்கப் போன முதல் நாள் எல்லாம் கவிழ்ந்தது. படகுக்காரர் புதுச் சட்டையில் வந்தார். அந்தப் பெண் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து, தலைவாரி, ஷூ போட்டுக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். காமிரா வருகிறது என்று தெரிந்ததும் ஊரில் யாரும் லேட்டாக வரவில்லை. 6:40-க்கு மணியடித்தாற்போல் படகு கிளம்பிவிட்டது. "நாளைக்குக் கொஞ்சம் லேட்டா வரச் சொல்லலாமா?" என்று ஒளிப்பதிவாளர் கேட்டார். சொல்லியிருந்தால் அவள் அழகாகச் செய்திருப்பாள்.

இது சினிமா பிறந்த நாளிலிருந்து இருக்கிற பிரச்சினை. லூமியேர் சகோதரர்கள் 1895-இல் தங்கள் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வருவதைப் படம் பிடித்தார்கள். உலகமே அன்றாடத்தின் முதல் பதிவு என்று சொல்லும் அந்தப் படத்துக்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றில் இரண்டு குதிரை பூட்டிய வண்டி வெளியே வருகிறது, ஒன்றில் ஒரு குதிரை, இன்னொன்றில் குதிரையே இல்லை. ஒரே வாசலிலிருந்து மூன்று முறை வெளியே வந்திருக்கிறார்கள். மறுபடி செய்யச் சொல்வது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்த காவலரை இரண்டு முறை திறக்கச் சொன்னேன், தினமும் திறப்பவர்தானே. ஆனால் காத்திருப்பு அப்படி இல்லை. வருவாளா என்று தெரியாமல் இருப்பதுதான் அதன் உயிர். அவள் எங்கே மறைந்து நிற்கிறாள் என்று இருபது பேருக்கும் தெரிந்தால், யாருடைய கண்ணும் படிக்கட்டின் மேல் அப்படி நிற்காது. நடிப்பு பொதுவாகக் கண்ணில்தான் பிடிபடும்: காத்திருப்பவர் ஒரே இடத்தையே பார்ப்பதில்லை, பார்த்துவிட்டு விலகி, மறுபடி பார்க்கிறார். நடிப்பவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

நல்லவேளையாக, ஸ்கிரிப்ட்டில் "மாணவி ஓடி வருகிறாள்" என்று நான் எழுதியிருக்கவில்லை, "வரவேண்டியவர் வருகிறார்" என்று எழுதியிருந்தேன். சிறுமியின் முகத்தை ஊர் விளம்பரத்தில் வைப்பதற்கு அவளுடைய பெற்றோரின் சம்மதம் வேண்டும், அது கிடைக்காமலும் போகலாம் என்ற யோசனையில் செய்தது அது. படகுக்காரர் தினமும் யாராவது ஒருவர் லேட் என்று சொல்லியிருந்தார், அதை நம்பினோம். காமிராவைப் படித்துறையின் ஓரத்தில் ஒரே இடத்தில் வைத்துவிட்டு ஆறு காலை எடுத்தோம். இரண்டாம் நாள் பழைய சட்டை திரும்பி வந்தது. நான்காம் நாள் எங்களை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு வராதவர் ஒரு வயதானவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், ஓடவில்லை. மாடியிலிருந்து யாரோ "வந்துட்டிருக்காரு" என்று குரல் கொடுத்தார்கள். காலடிச் சத்தத்துக்குப் பதிலாகப் படியில் இறங்கும் சைக்கிளின் சத்தம் கிடைத்தது. நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. படத்தில் இருப்பது அதுதான்.

யாருடைய படகு

முதல் தொகுப்பை அதில் வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டாமல் வெளியே விடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். படித்துறை மேட்டில் ஒரு லேப்டாப்பை வைத்து ஏழெட்டுப் பேருக்குக் காட்டினோம். அந்த வடிவத்தில், காத்திருப்பு முடிந்ததும் காமிரா படகில் ஏறிக்கொள்கிறது, எல்லோரோடும் அக்கரைக்குப் போகிறது. எல்லோரும் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். முடிந்ததும் படகுக்காரர் மட்டும் யோசனையாக இருந்தார்.

"இதப் பாத்துட்டு ஆளுங்க வருவாங்களா தம்பி?"

"வரணும்னுதாண்ணே எடுக்கிறோம்."

"காலைப் படகுக்கா வருவாங்க?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. அந்தப் படகில் இருபத்துநான்கு பேர் உட்காரலாம். காலையில் ஊர்க்காரர்களே இருபது பேர். என் வீடியோ பலித்து, ஒரு நாளைக்குப் பத்துப் பேர் அந்தக் காத்திருப்பைப் பார்க்க வந்து உட்கார்ந்துகொண்டால், மூன்றாவது நிமிடத்தில் ஓடி வருகிறவருக்கு இடம் இருக்காது. காட்டியதையே காட்டியதால் அழிக்கிற வேலையை நான் செய்திருப்பேன். சுற்றுலாப் பயணிகள் ஓர் ஊரின் உள்வாசலைத் தேடுகிறார்கள், அவர்களுக்காகத் திறந்துவிடப்பட்ட உள்வாசல் இன்னொரு மேடையாகிவிடுகிறது என்று சமூகவியலாளர் டீன் மெக்கானல் 1973-இல் எழுதினார். அதைப் பல வருடம் முன்பே படித்திருக்கிறேன். படகுக்காரர் கேட்கும்வரை அதை என் ஸ்கிரிப்ட்டோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

காமிரா நிற்கிற இடம்தான் வருகிறவர் நிற்கப்போகிற இடம். இதை அதற்கு முன்பு ஒளிப்பதிவு விஷயமாகத்தான் நினைத்திருந்தேன். காமிரா படகில் உட்கார்ந்தால் பார்ப்பவருக்கு அங்கே ஒரு இடம் இருப்பதாக வாக்குக் கொடுக்கிறோம். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாதென்றால் காமிரா அங்கே உட்காரக் கூடாது. அதனால் எடிட்டரும் நானும் பின்பாதி முழுவதையும் மாற்றினோம். காத்திருப்பு, படகு புறப்படுவது, ஐம்பது விநாடி. அதில் காமிரா படித்துறையிலேயே இருக்கிறது. பிறகு இரண்டு படகுகளுக்கு நடுவே கரையில் நடப்பது, எழுபது விநாடி: ஜன்னல்களைத் திறக்கும் காவலர், சுவரோரத்தில் கவிழ்த்த படகுக்கு வண்ணம் பூசுகிறவர், எதிர்த்திசையிலிருந்து வந்து இறங்கும் ஒரு நர்ஸ். கடைசி அறுபது விநாடிக்கு 9:20 படகு. அந்த நேரத்தில் ஐந்தாறு பேர்தான் போவார்கள், இருக்கைகள் காலியாக இருக்கும். அதில் காமிரா ஏறுகிறது. எந்தப் படகு என்பதைப் பின்னணிக் குரல் நேரத்தோடு சொல்கிறது, வீடியோவுக்குக் கீழே எழுத்திலும் இருக்கிறது. 6:40 என்ற நேரத்தைக் குரலிலும் எழுத்திலும் எங்குமே சொல்லவில்லை. பஸ் ஏழு மணிக்கு என்பது மட்டும் இருக்கிறது.

ஸ்கிரிப்ட்டில் முதல் ஐம்பது விநாடியின் கடைசி வரிசையைப் புதிதாக எழுதிக்கொண்டுபோய்ப் படகுக்காரரிடம் படித்துக் காட்டினேன்.

படம்: படகு விலகுகிறது. காமிரா படித்துறையிலேயே நிற்கிறது. படகில் நான்கு இடம் காலி.
ஒலி: துடுப்பு. தூரமாகிறது.

"நாலு இடம் எதுக்கு?" என்று கேட்டார். "உங்க படகு இருபத்துநாலு பேருக்குதானேண்ணே, இருபது பேர்தான் இருக்காங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "திங்கட்கிழமை இருபத்துமூணு இருக்கும்" என்றார். நான் "நான்கு" என்பதை அடித்துவிட்டு "சில" என்று எழுதிக்கொண்டேன்.